40 ஜிபி பக்கேஜ் ஒன்பதாம் நாளில் முடிகிறது: மாதத்துக்கு எவ்வளவு டேட்டா வேண்டும் என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது?

வன்னிமகள் (மல்லாவி) | ஜூன் 3, இரவு 9.40

முப்பது நாளுக்கு என்று 40 ஜிபி பக்கேஜ் போட்டேன். ஒன்பதாம் நாளே டேட்டா முடிந்தது என்று மெசேஜ் வந்துவிட்டது. போன மாதமும் இதே கதைதான். மகளுக்கு ஏ.எல் சூம் வகுப்பு, மூத்த மகன் கனடாவில், சின்னவன் பின்னேரத்தில் கொஞ்சம் யூடியூப் பார்ப்பான். வேறு ஒன்றும் இல்லை. கம்பனிக்காரர் களவெடுக்கிறார்களா, அல்லது எங்களுக்கு உண்மையாகவே 100 ஜிபி தேவையா? கணக்குத் தெரிந்த யாராவது சொல்லுங்கோ.

பாலைமரம் (கிளிநொச்சி) | ஜூன் 3, இரவு 10.05

அக்கா, கணக்கு சுகம். 720p வீடியோவுக்கு 2.5 Mbps வேகம் வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு 3600 செக்கன். பெருக்கினால் 9000 எம்பி. அதாவது ஒரு மணித்தியாலத்துக்கு 9 ஜிபி. அப்படியென்றால் 40 ஜிபி ஒன்பது நாள் நின்றதே பெரிய விஷயம்.

குளக்கட்டு (மாங்குளம்) | ஜூன் 3, இரவு 10.30

தம்பி, பெருக்கின வழி சரி, ஒரு படி விடுபட்டுப் போனது. Mbps இல் வருகிற b பிட். பக்கேஜ் விற்பது பைட்டில். எட்டுப் பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், ஆகவே 9000 ஐ எட்டால் பிரிக்க வேண்டும். 1125 எம்பி வரும், ஒரு ஜிபிக்குச் சற்று மேல். மனதில் வைத்துக்கொள்ள ஒரே ஒரு எண் போதும்: 1 Mbps ஓட்டம் ஒரு மணித்தியாலம் நின்றால் 450 எம்பி. மிச்சம் எல்லாவற்றையும் அதிலிருந்து பெருக்கிக்கொள்ளலாம்.

அக்கா, களவு என்று முடிவெடுக்க முன்னம் இரண்டு விஷயம் வேண்டும். பக்கேஜ் போட்ட நேரம் வந்த மெசேஜை அப்படியே இங்கே எழுதுங்கோ. பிறகு, முடிந்தது என்று மெசேஜ் வந்த நேரம் பலன்ஸ் பார்த்தீர்களா, எவ்வளவு காட்டியது?

வன்னிமகள் | ஜூன் 4, காலை 6.15

இப்போதுதான் வடிவாகப் பார்த்தேன். மெசேஜில் 15 ஜிபி எந்நேரமும், 25 ஜிபி நள்ளிரவு 12 தொடக்கம் காலை 7 மட்டும் என்று இருக்கிறது. பலன்ஸில் இப்பவும் 25 ஜிபி மிச்சம் காட்டுகிறது. மிச்சம் இருக்கிறதே, ஏன் வேலை செய்யவில்லை என்றுதான் இவ்வளவு நாளும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

குளக்கட்டு | ஜூன் 4, காலை 8.50

அதுதான் விஷயம். குளத்தில் தண்ணீர் கிடக்கிறது, ஆனால் உங்கள் வாய்க்கால் திறக்கிற நேரம் நடுச்சாமம். நீங்கள் வாங்கியது பகலுக்கு 15 ஜிபி பக்கேஜ். கடைக்கு வருகிறவர்களில் அரைவாசிப் பேர் பெரிய எழுத்தில் இருக்கிற 40 ஐ மட்டும் பார்த்துத்தான் ரீலோட் போடச் சொல்கிறார்கள். எனக்கு உண்மையில் மனவருத்தமாக இருக்கும். வகுப்புக்கு என்று காசு சேர்த்துக்கொண்டு வருகிற பிள்ளைகள் அவர்கள்.

ஆகவே கேள்வி இரண்டாகிறது. உங்கள் வீட்டில் மாதம் எத்தனை ஜிபி போகிறது? அதில் எத்தனை காலை 7 மணிக்குப் பிறகு போகிறது? இரண்டாவதுக்குப் பதில் தெரியாமல் எந்தப் பக்கேஜையும் தெரிவுசெய்ய முடியாது.

போனில் Settings க்குள் போய் Data usage பாருங்கோ. அதில் மாதம் முதலாம் திகதியில் தொடங்குவதாக இருக்கும், உங்கள் பக்கேஜ் வேறு திகதியில் தொடங்கியிருக்கும். பக்கேஜ் தொடங்கிய திகதிக்கு அதை மாற்றினால்தான் இரண்டும் பொருந்தும். மாற்றிவிட்டு எந்தச் செயலிக்கு எவ்வளவு என்று எழுதுங்கோ.

கடலோரம் (முல்லைத்தீவு) | ஜூன் 4, பகல் 1.20

எங்கள் வீட்டிலும் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. 40 ஜிபி போட்டும் நிற்கிறது. 80 ஜிபி போட்டால் நிற்காமல் ஓடுமா?

பாலைமரம் | ஜூன் 4, பகல் 1.45

அண்ணா அது அளவு, நீங்கள் கேட்பது வேகம். 80 போட்டாலும் அதே டவர்தான், அதே வேகம்தான். யன்னல் பக்கம் போனை வைத்து ஹொட்ஸ்பொட் போட்டுப் பாருங்கோ.

வன்னிமகள் | ஜூன் 4, இரவு 8.10

திகதி மாற்றிவிட்டேன். ஹொட்ஸ்பொட் 12 ஜிபி. வட்ஸ்அப் 1.6. பேஸ்புக்கும் பிரவுசரும் சேர்த்து 1.3. கூட்டினால் 14.9. அப்போ களவு இல்லை. ஆனால் ஹொட்ஸ்பொட்டுக்குள் என்ன போனது என்று போன் சொல்லவில்லை. மகளின் டப்பில்தான் வகுப்பு, அதே டப்பில்தான் சின்னவனும் பார்ப்பான்.

குளக்கட்டு | ஜூன் 4, இரவு 9.30

நல்லது. ஹொட்ஸ்பொட்டில் போனதைப் போன் ஒரே வரியாகத்தான் காட்டும். பிரித்துப் பார்க்க டப்பைத் திறக்க வேண்டும். அங்கேயும் அதே Settings, ஆனால் மொபைல் பக்கம் ஒன்றும் இராது, Wi-Fi பக்கம் பாருங்கோ. டப்புக்கு உங்கள் போன் ஒரு வைஃபை.

இன்னொன்றும் செய்யுங்கோ. நாளைக்கு வகுப்புத் தொடங்க முன்னம் சூமுக்கு எதிரே இருக்கிற எண்ணைக் குறித்து வையுங்கோ, முடிந்தவுடன் திரும்பப் பாருங்கோ. வித்தியாசத்தை மணித்தியாலத்தால் பிரித்தால் உங்கள் வீட்டு விகிதம் வந்துவிடும். இணையத்தில் வருகிற அட்டவணைகளை விட அது ஆயிரம் மடங்கு நம்பலாம். சூம் ஒரு மணித்தியாலத்துக்கு அரை ஜிபியிலிருந்து இரண்டு ஜிபிக்கும் மேல் என்று எழுதியிருப்பார்கள். அது எல்லோரும் கமராவைத் திறந்து நல்ல தரத்தில் பேசுகிற கணக்கு. பிள்ளை கமராவை மூடிவிட்டு ஆசிரியரின் பலகையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குக் கீழேதான் நிற்கும்.

செம்மண் (நெடுங்கேணி) | ஜூன் 5, காலை 7.40

இந்த இழையை வாசித்துக்கொண்டு வருகிறேன். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், கணக்குப் பாடம் படிப்பித்தவன். என் பிரச்சினைக்கும் விடை காணுங்கள். மகள் பாரிஸில். வேலை முடித்து அவளுடைய நேரத்துக்கு இரவு எட்டு மணிக்கு ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுவாள். ஒரு மணித்தியாலம் போகும். மார்கழி, தையில் என் பகல் டேட்டா மாதம் முழுக்கத் தாராளமாகப் போதும். சித்திரை பிறந்தால் போதாமல் போகிறது. அதே பக்கேஜ், அதே பேச்சு. வெயிலுக்கு டவர் பழுதாகிறது என்று பக்கத்து வீட்டுத் தம்பி சொல்கிறார். எனக்கு அது ஒத்துவரவில்லை.

குளக்கட்டு | ஜூன் 5, காலை 9.15

ஐயா, வெயில் இல்லை, மணிக்கூடு. பங்குனிக் கடைசியில் பிரான்சில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள், ஐப்பசிக் கடைசியில் பின்னுக்கு எடுப்பார்கள். நாங்கள் தொடுவதில்லை. கோடையில் பாரிஸ் இரவு 8 மணி எங்களுக்கு இரவு 11.30. மாரியில் அதே 8 மணி எங்களுக்கு 12.30. மாரியில் உங்கள் பேச்சு முழுவதும் இரவு டேட்டாவில் போகிறது. கோடையில் முதல் அரை மணித்தியாலம் பகல் டேட்டாவைத் தின்கிறது.

மகளிடம் அவளுடைய நேரத்துக்கு எட்டரைக்கு எடுக்கச் சொல்லுங்கோ. பிரச்சினை முடிந்தது.

செம்மண் | ஜூன் 5, காலை 9.50

சரிதான். நாளுக்கு அரை மணித்தியாலம் என்றால் மாதத்துக்குப் பதினைந்து. மகளும் இதே மாற்றத்தைப் பற்றி ஒருமுறை சொன்னாள், நான் டேட்டாவோடு சேர்த்துப் பார்க்கவில்லை. ஆனால் எட்டரைக்கு எடுத்தால் எனக்கு நித்திரை முறிந்துவிடும். யோசிக்க வேண்டும்.

வன்னிமகள் | ஜூன் 6, இரவு 7.30

டப்பில் பார்த்தேன். ஒன்பது நாளில் ஆறு வகுப்பு நடந்தது, ஒவ்வொன்றும் இரண்டு மணித்தியாலம். சூம் 3.6 ஜிபி. யூடியூப் 8.4 ஜிபி! சின்னவன் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம்தான் பார்க்கிறான், நான் மணி பார்த்து வாங்கி வைப்பேன். வகுப்புத்தான் தின்கிறது என்று மகளை எத்தனை தரம் பேசியிருப்பேன். பாவம்.

குளக்கட்டு | ஜூன் 6, இரவு 8.45

பார்த்தீர்களா. வகுப்பு 12 மணித்தியாலத்துக்கு 3.6 ஜிபி, அதாவது மணித்தியாலத்துக்கு 300 எம்பி. யூடியூப் மணித்தியாலத்துக்கு ஒரு ஜிபிக்குக் கிட்ட. அப்படியென்றால் அது 720p இல் ஓடுகிறது. கார்ட்டூனுக்கு, அந்தச் சின்னத் திரைக்கு, அது தேவையே இல்லை. 360p இல் மணித்தியாலத்துக்கு 300 எம்பி ஒட்டித்தான் வரும், 480p இல் அரை ஜிபி வரை.

யூடியூப்புக்குள் Settings போய் Video quality preferences எடுங்கோ. அங்கே On mobile networks, On Wi-Fi என்று இரண்டு இருக்கும். எல்லோரும் முதலாவதை Data saver இல் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். உங்கள் டப் ஹொட்ஸ்பொட்டில் இருப்பதால் அதற்கு அது வைஃபை. இரண்டாவதைத்தான் நீங்கள் மாற்ற வேண்டும். இந்த ஒரு இடத்தில்தான் வன்னியில் பாதி வீட்டு டேட்டா ஒழுகுகிறது என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் இங்கே வைஃபை என்றால் பெரும்பாலும் யாருடையவோ போன்தான்.

அதே காரணத்தால் டப்பில் வைஃபை பெயரைத் தொட்டு, Treat as metered என்று மாற்றிவிடுங்கோ. செயலிகள் தாங்களாகப் புதுப்பிப்பது அடங்கும். லப்டொப் பிடிக்கிறவர்கள் விண்டோஸில் Metered connection ஐத் திறந்துவிட வேண்டும். விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று பின்னால் இறங்கினால் ஒரு வாரத்து வகுப்பு போய்விடும்.

கடலோரம் | ஜூன் 6, இரவு 9.20

குளக்கட்டு அண்ணா, உங்கள் முறையில் நானும் அளந்தேன். வீட்டில் யூடியூப் மணித்தியாலத்துக்கு 200 எம்பிதான். ஆனால் போன கிழமை வவுனியாவில் தங்கச்சி வீட்டில் நின்றபோது இரண்டு நாளில் பக்கேஜ் காலி. அங்கே நான் கூடப் பார்க்கவும் இல்லை. வீடியோ சுற்றவும் இல்லை, கண்ணாடி போல ஓடியது.

பாலைமரம் | ஜூன் 6, இரவு 9.35

வேகமும் அளவும் வேறு வேறு என்று நான் சொன்னேனே. அப்போ இது எப்படி?

குளக்கட்டு | ஜூன் 6, இரவு 10.10

நீ சொன்னது பிழையில்லை தம்பி. பக்கேஜைப் பெரிதாக்கினால் வேகம் கூடாது. ஆனால் வேகம் கூடினால் செலவு கூடலாம், Auto வில் விட்டிருந்தால். யூடியூப் சிக்னலைப் பார்த்துத் தானே தரத்தை ஏற்றி இறக்கும். கடற்கரையில் சிக்னல் மெலிவு, 240p க்கு இறங்கி ஓடியிருக்கும். வவுனியா டவுனில் 1080p க்கு ஏறியிருக்கும், அது மணித்தியாலத்துக்கு இரண்டு ஜிபிக்கு மேலேயும் போகும். வட்ஸ்அப் வீடியோ அழைப்பும் அப்படித்தான்.

ஆகவே மெலிந்த சிக்னலில் அளந்த எண்ணை வைத்துக்கொண்டு டவுனுக்குப் போகிற மாதத்துக்குப் பக்கேஜ் எடுக்கக்கூடாது. உங்கள் பக்கத்தில் புது டவர் வந்தாலும் திரும்ப அளக்க வேண்டும். தரத்தை 360p இல் பூட்டிவிட்டால் இந்த ஆட்டம் அடங்கும். அப்போதும் ஒரே எண் வராது: கரும்பலகைப் பாடம் அசையாமல் நிற்பதால் குறைவாக எடுக்கும், கிரிக்கெட் அதே 360p இல் கூட எடுக்கும்.

செம்மண் | ஜூன் 7, காலை 6.50

வட்ஸ்அப்பில் சத்தம் மட்டும் பேசினால் எவ்வளவு?

குளக்கட்டு | ஜூன் 7, காலை 8.30

மணித்தியாலத்துக்கு 30 எம்பி ஒட்டி, ஐயா. முகம் பார்த்தால் அதைப்போல் பத்து மடங்கோ கூடவோ. நீங்கள் அனுப்புகிற படமும் உங்கள் கணக்கில்தான் விழும், வருகிறது மட்டும் இல்லை. கமராவை மூடிவிட்டு மகளை மட்டும் பார்த்தால் ஏறக்குறைய பாதியாகும். வட்ஸ்அப்புக்குள் Storage and data, அதில் Network usage என்று போனால் அழைப்புக்கு எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்று தனித்தனியாகக் காட்டும்.

செம்மண் | ஜூன் 7, காலை 8.55

பேத்தி என் முகத்தைத்தான் தேடுகிறாள். அதை மூட முடியாது.

வன்னிமகள் | ஜூன் 10, இரவு 8.00

சொன்னபடி டப்பில் இரண்டையும் Data saver இல் போட்டேன். இப்போ சின்னவன் பார்க்கிற ஒரு மணித்தியாலம் 280 எம்பி. அவனுக்கு வித்தியாசமே தெரியவில்லை. கனடா மகனோடு அரை மணித்தியாலம் பேசினால் அனுப்புவதும் வருவதும் சேர்த்து 180 எம்பி. இனி மாதக் கணக்கை யாராவது போட்டுத் தாருங்கோ, நான் கூட்டினால் ஒவ்வொரு தரமும் வேறு எண் வருகிறது.

குளக்கட்டு | ஜூன் 10, இரவு 9.25

போடுவோம். வகுப்பு கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணித்தியாலம், கிழமைக்குப் பத்து. மாதத்தை நான்கு கிழமை என்று எடுத்தால் கடைசி இரண்டு நாள் தலையில் இடிக்கும், 4.3 ஆல் பெருக்குங்கோ: 43 மணித்தியாலம். 300 எம்பி படி 13 ஜிபி. யூடியூப் 30 மணித்தியாலம், 300 எம்பி என்றே வைத்தால் 9 ஜிபி. மகனோடு பேசுவது 15 மணித்தியாலம், மணித்தியாலத்துக்கு 360 எம்பி, 5.4 ஜிபி. பேஸ்புக், செய்தி, மற்றதெல்லாம் ஒன்பது நாளில் 1.3 என்றால் மாதத்துக்கு 4.5 க்குள். மொத்தம் 32 ஜிபி.

முன்னைய மாதிரி யூடியூப்பை விட்டிருந்தால் அது மட்டும் 28 ஜிபி ஆகியிருக்கும், மொத்தம் 51. உங்கள் பகல் 15 ஒன்பதாம் நாளில் முடிந்தது ஏன் என்று இப்போ தெரிகிறது.

மகன் எத்தனை மணிக்கு எடுப்பார்?

வன்னிமகள் | ஜூன் 10, இரவு 9.40

ரொறன்ரோவில் வேலைக்கு வெளிக்கிட முன்னம். எங்களுக்கு இரவு ஆறரை.

குளக்கட்டு | ஜூன் 10, இரவு 10.00

அவருக்குக் காலை 9. அதை விட்டுவிட்டு அவருடைய இரவு 8 மணிக்கு எடுத்தால் உங்களுக்கு விடிய 5.30. நீங்கள் எப்படியும் எழும்புகிற நேரம் என்று நினைக்கிறேன். அந்த 5.4 ஜிபி அப்படியே இரவு டேட்டாவுக்குப் போகும். கார்த்திகையில் அங்கே மணிக்கூடு மாறினால் உங்களுக்கு 6.30 ஆகும், அரை மணித்தியாலம் பேசி 7 க்கு முட்டும். அப்போ கொஞ்சம் முந்தி எடுக்கச் சொல்லுங்கோ.

அப்போ பகலுக்கு 26.5 ஜிபி. அதற்கு மேல் கொஞ்சம் இடம் வேண்டும்: ஆசிரியர் மேலதிக வகுப்பு வைப்பார், வட்ஸ்அப் குழுவில் பாட வீடியோ போடுவார். பகலுக்கு 30 ஜிபி உள்ள பக்கேஜ் எடுங்கோ. இரவுப் பக்கம் 10 இருந்தாலும் உங்களுக்குக் கூட. 15 பகல், 60 இரவு என்று எழுதி மலிவாக விற்றாலும் தொடாதீர்கள்.

பாலைமரம் | ஜூன் 10, இரவு 10.20

சமூக வலைத்தளப் பக்கேஜ் ஒன்றும் சேர்த்துப் போட்டால் பேஸ்புக், வட்ஸ்அப் அதில் போய்விடுமே. பகலுக்கு 25 போதும்.

குளக்கட்டு | ஜூன் 11, காலை 8.40

போகலாம், ஆனால் விபரத்தை வாசிக்க வேண்டும். சிலதில் வட்ஸ்அப் செய்தி மட்டும் அடங்கும், அழைப்பு அடங்காது. அப்புறம், குழுவில் வந்த யூடியூப் இணைப்பைத் தொட்டால் அது யூடியூப் கணக்கு, வட்ஸ்அப் இல்லை. பேஸ்புக்கில் வந்த செய்தியைத் திறந்தால் அந்தத் தளத்தின் கணக்கு. அக்காவின் 4.5 இல் எவ்வளவு உண்மையில் அதற்குள் போகும் என்பதை அளந்தால்தான் சொல்லலாம்.

கடலோரம் | ஜூன் 11, பகல் 12.30

நான் முப்பது நாள் பக்கேஜை விட்டுவிட்டேன். ஏழு நாள் பக்கேஜ்தான். கடலுக்குப் போகிற கிழமை போனே தொடுவதில்லை, அந்தக் கிழமை போடமாட்டேன்.

வன்னிமகள் | ஜூன் 11, இரவு 7.50

ஆவணி விடுமுறையில் மகளுக்கு வகுப்பு நின்றால் நானும் அப்படிச் செய்யலாம் போல. ஆனால் ஏழு நாள் நான்கு போட்டால் முப்பது நாள் ஒன்றை விடக் காசு கூட வருகிறதே.

செம்மண் | ஜூன் 11, இரவு 8.30

நான்கு போட்டால் 28 நாள்தான். மிச்ச இரண்டு நாளுக்கும் சேர்த்து ஒப்பிடுங்கள். பகல் ஜிபி ஒன்றுக்கு எத்தனை ரூபாய் என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும், மொத்த ஜிபியால் பிரிக்கக்கூடாது.

குளக்கட்டு | ஜூன் 11, இரவு 9.10

ஐயா சொன்னதுதான் கணக்கு. வகுப்பு நடக்கிற மாதத்துக்கு அக்காவுக்கு முப்பது நாள்தான் லாபம் என்று நினைக்கிறேன். விடுமுறை மாதத்தில் பகல் தேவை 13 குறையும், அப்போ ஏழு நாள் வெல்லலாம், வெல்லாமலும் போகலாம். ஜூலைக் கடைசியில் அந்த நேரத்து விலையை இங்கே போடுங்கோ, சேர்ந்து பார்ப்போம். அது வரைக்கும் பக்கேஜ் போட்ட நாளிலேயே போனில் திகதியை மாற்ற மறக்காதீர்கள், ஒவ்வொரு தரம் போடும்போதும் அது மாறும்.

செம்மண் | ஜூன் 12, இரவு 11.58

மகள் எட்டரைக்கு எடுக்க ஒத்துக்கொண்டாள். விழித்துக்கொண்டு இருக்கிறேன். பகல் நேரத்தில் ஒரு சின்ன நித்திரை போட்டால் சமாளிக்கலாம் போலிருக்கிறது.